அம்மாவும் கடன்தாரர்தான்: கல்விக் கடன் ஒப்பந்தத்தில் படிக்காமல் புரட்டிய பக்கங்கள்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், காலாப்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலால் பேர்பெற்ற ஊர். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ள ஊரும் இதுதான். இன்னும் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். இந்தக் கரையில் பல வீடுகளுக்கு வருமானம் மாதக் கணக்கில் வருவதில்லை. தை பிறந்து வெயில் ஏற ஏறத்தான் பாத்திகளில் உப்பு விளையும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் உப்பள வேலை நின்றுபோகும். விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். ஆனால் கல்விக் கடனின் மாதத் தவணை மழையையும் தடைக்காலத்தையும் பார்ப்பதில்லை. மாதந்தோறும் ஒரே தேதியில், ஒரே தொகையாக வந்து நிற்கும்.

பிள்ளை பொறியியலோ நர்சிங்கோ சேரும்போது வீட்டில் பேசிக்கொள்வது பெரும்பாலும் இரண்டே வாக்கியம். “படிச்சு முடிச்சு வேலைக்குப் போனதும் கட்டிக்கலாம்” என்பது ஒன்று. “பெத்தவங்க கையெழுத்து சும்மா சாட்சிக்குத்தான்” என்பது இன்னொன்று. முதலாவது பாதிதான் உண்மை. இரண்டாவது முழுக்கத் தவறு. இந்த இரண்டு நம்பிக்கைகளும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு செலவு வைக்கின்றன என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

அதற்கு முன், இந்த ஊரைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வங்கிகள் பின்பற்றும் கல்விக் கடன் விதிகள் பெரும்பாலும் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்திலிருந்து வருபவை. 2001 முதல் நடைமுறையில் இருந்து, இடையிடையே திருத்தப்பட்டு வரும் திட்டம் அது. அதன் தகுதிப் பட்டியலில் முதலில் நிற்பது, மாணவர் இந்தியக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. முகாமிலேயே பிறந்து, இங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு அந்த வரியிலேயே கதவு மூடிவிடுகிறது. 2021 ஆகஸ்டில் மாநில அரசு சட்டமன்றத்தில் அறிவித்த முகாம் நலத்திட்டங்களில் கல்வி உதவித்தொகை உயர்வும் இருந்தது. அது கடன் இல்லை என்பதால் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் பக்கத்துத் தெருப் பிள்ளைக்குக் கிடைக்கும் நான்கு லட்சம் கடன் முகாம் பிள்ளைக்கு இல்லை என்பது அநியாயம்தான். இனி வரும் பக்கங்கள், கடன் கிடைக்கிற வீட்டைப் பற்றியவை.

தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு இல்லை

படிப்புக் காலமும், படிப்பு முடிந்தபின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. இதைத்தான் ஒப்பந்தத்தில் ‘மாரடோரியம்’ என்று எழுதுகிறார்கள். தவணை விலக்குக் காலம் என்று சொல்லலாம். பழைய ஒப்பந்தங்களில் இந்த வரி வேறுமாதிரி இருக்கும்: படிப்பு முடிந்து ஓராண்டு, அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இரண்டில் எது முந்தியோ அது. அப்படி எழுதியிருந்தால், கல்லூரி முடித்ததுமே வேலை கிடைத்தவருக்கு விலக்கு ஆறு மாதத்தில் முடிந்துவிடும். அண்ணனுக்கு இருந்த நிபந்தனைதான் தங்கைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அவரவர் அனுமதிக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் செல்லும்.

விலக்கு தவணைக்கு மட்டும்தான். வங்கி பணம் கொடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. மாதிரித் திட்டப்படி இந்தக் காலத்தில் தனிவட்டி மட்டுமே போட வேண்டும். வட்டிக்கு வட்டி கூடாது. ஆனால் தவணை தொடங்கும் நாளில், அதுவரை சேர்ந்த வட்டி முழுவதும் அசலோடு சேர்க்கப்படுகிறது. அன்று முதல் அந்த வட்டிக்கும் வட்டி உண்டு.

கணக்குக்காக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அம்மா உப்பளத் தொழிலாளி, மகன் நான்காண்டுப் பொறியியல் படிக்கிறான். கடன் 4 லட்சம், வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம், கடைசிவரை மாறாது என்று வைத்துக்கொள்வோம். வங்கி ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் ஒரு லட்சம் வீதம் கல்லூரிக்குக் கட்டுகிறது. முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி ஓடும். அது 50,000 ரூபாய். இரண்டாவது லட்சத்துக்கு நான்காண்டு, மூன்றாவதுக்கு மூன்றாண்டு, நான்காவதுக்கு இரண்டாண்டு. மொத்தம் 1,40,000 ரூபாய். முதல் தவணை வரும் நாளில் மகன் பெயரில் நிற்பது 4 லட்சம் இல்லை, 5 லட்சத்து 40 ஆயிரம். அதைப் பத்தாண்டில் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 7,136 ரூபாய்.

இதே வீட்டில், படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால்? முதல் ஆண்டில் மாதம் 833 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 1,667, மூன்றாம் ஆண்டில் 2,500, நான்காம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் 3,333. அப்படிக் கட்டினால் தவணை தொடங்கும்போது அசல் 4 லட்சமாகவே இருக்கும். மாதத் தவணை 5,286 ரூபாய்தான். மாதம் 1,850 ரூபாய் குறைவு. பத்தாண்டில் 2,22,000 ரூபாய். முன்னால் கட்டிய 1,40,000 போக, 82,000 ரூபாய் மிச்சம். படிப்புக் காலத்தில் வட்டியைத் தவறாமல் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கலாம் என்றும் மாதிரித் திட்டம் சொல்கிறது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

மாதம் 3,333 ரூபாய் உப்பளக் கூலியில் முடியாது என்பது புரிகிறது. முதல் ஆண்டின் 833 ரூபாயை மட்டுமாவது கட்டினாலும் லாபம்தான். மாதந்தோறும் கட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இந்தக் காலத்தில் இல்லை. உப்பு விளையும் மாதங்களில் மொத்தமாகக் கட்டி, மழை மாதங்களில் விட்டுவிடலாம். மாதிரித் திட்டக் கடனில் படிப்புக் கால வட்டி மாணவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. வங்கியல்லாத நிதி நிறுவனங்களின் கல்விக் கடனில் இந்தச் சுதந்திரம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வட்டியையோ அதில் ஒரு பகுதியையோ முதல் மாதத்திலிருந்தே கேட்கும் ஒப்பந்தங்கள் அங்கே உண்டு.

இந்த 1,40,000 ரூபாய் முழுவதையும் மத்திய அரசே கட்டும் வழியும் இருக்கிறது. 2009-10 கல்வியாண்டில் தொடங்கிய வட்டி மானியத் திட்டம் அது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்போ தொழில்நுட்பப் படிப்போ படித்தால், விலக்குக் கால வட்டியை அரசு ஏற்கும். கடன், மாதிரித் திட்டத்தின்கீழ் வங்கியில் வாங்கியதாக இருக்க வேண்டும். 2018 முதல் கல்லூரிக்கோ பாடப்பிரிவுக்கோ ‘நாக்’, ‘என்.பி.ஏ.’ போன்ற தர அங்கீகாரமும் வேண்டும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் உள்ள கல்லூரிகளில் சேர்கிறவர்களுக்குத் தனியே 3 சதவீத வட்டிச் சலுகை தருகிறது. அதற்கான வருமான வரம்பு எட்டு லட்சம்.

மானியம் கைநழுவும் இடம் வங்கிக் கிளைதான். வருமானச் சான்றிதழை நாம் கொடுத்து, கிளை அதைப் பதிவேற்றி, பணத்தைக் கேட்டுப் பெற வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வட்டி உங்கள் கணக்கிலேயே ஏறிக்கொண்டிருக்கும். ஐந்தாண்டு கழித்துத்தான் தெரியவரும். ஆண்டுக்கு ஒருமுறை கடன் கணக்கின் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மானியம் என்று ஒரு வரவு அதில் விழவில்லை என்றால், அந்த ஆண்டே எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் படிப்பை இடையில் விட்டால் மானியம் கிடையாது. அரியர் வைத்துப் படிப்பு இழுத்தால் விலக்குக் காலம் தானாக நீளாது. எழுதிக் கேட்டால் இரண்டாண்டுவரை நீட்டிக்க மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது.

கையெழுத்து எதற்கு?

இப்போது அம்மாவின் கையெழுத்துக்கு வருவோம். கல்விக் கடனில் பெற்றோர் ஒருவர் மாணவரோடு சேர்ந்து ஒப்பந்தம் போடுகிறார். தாளில் ‘இணைக் கடன்தாரர்’ என்று இருக்கும். கிளையில் ‘கோ-பாரோயர்’ என்பார்கள். திருமணமானவர் என்றால் கணவரோ மனைவியோ அந்த இடத்தில் வரலாம். இவர் சாட்சி இல்லை. மகன் எவ்வளவு கடன்தாரரோ, அம்மாவும் அவ்வளவு கடன்தாரர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 43ஆம் பிரிவில், சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்கிறது. முதலில் மகனைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் வர வேண்டும் என்பதில்லை. ஆளுக்குப் பாதி என்ற கணக்கும் வங்கிக்குக் கிடையாது.

இதன் விளைவு நடைமுறையில் மூன்று இடங்களில் தெரியும். மகன் மூன்று மாதம் கட்டாவிட்டால் அம்மாவின் கடன் வரலாற்றிலும் அது பதிவாகும். மகளிர் குழுக் கடனுக்கோ இளைய பிள்ளையின் கல்விக் கடனுக்கோ போகும்போது, சிபில் சரியில்லை என்று கேட்க நேரும். இரண்டாவது, சேமிப்புக் கணக்கு. கடன் கொடுத்த வங்கியிலேயே அம்மாவுக்குக் கணக்கு இருந்தால், அதில் உள்ள பணத்தை நிலுவைக்கு ஈடுசெய்துகொள்ளும் உரிமையை ஒப்பந்தம் பெரும்பாலும் வங்கிக்குத் தருகிறது. மழைக்கால நிவாரணமும் நூறு நாள் வேலைக் கூலியும் வந்து விழும் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே யோசிக்க வேண்டும். மூன்றாவது, கடன் நடக்கும்போதே மகன் இறந்துபோனால், காப்பீடு இல்லாத கடன் அம்மாவின் தலையில் நிற்கும். காப்பீடு எடுக்கச் சொன்னால், பாக்கித் தொகை முழுவதையும் அது அடைக்குமா, பிரீமியம் கடனோடு சேர்கிறதா என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

பயப்பட வேண்டாத இடத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வசூலுக்கு வருகிறவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். ஏழரை லட்சம்வரை உள்ள கல்விக் கடனுக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி 2015 முதல் இருக்கிறது. அதன்கீழ் வரும் கடனுக்கு வீடோ நிலமோ அடமானம் கேட்கக் கூடாது. அடமானம் இல்லாத கடனுக்காக, நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் யாரும் வீட்டைப் பூட்டவோ பட்டாவைப் பிடுங்கவோ முடியாது. சர்ஃபாசி சட்டம் அடமானம் வைத்த சொத்தின் மீதுதான் பாயும். தீர்ப்பே வந்தாலும், தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. உப்பள வீடுகளுக்கு இது பெரிய காப்பு.

உத்தரவாத நிதி இருப்பதால் நாம் கட்டாவிட்டால் அரசு கட்டிவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அந்த நிதி வங்கியின் நட்டத்தில் ஒரு பகுதியை வங்கிக்கு ஈடுசெய்கிறது. கடன்தாரரின் பாக்கி அப்படியேதான் இருக்கும். தேர்தல்தோறும் வரும் தள்ளுபடிப் பேச்சும் அப்படித்தான். அரசாணை வந்து, உங்கள் கணக்கில் வரவு விழும்வரை ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

வேலை போன மாதம்

நம் கணக்கு வீட்டு மகனுக்குச் சென்னையில் வேலை கிடைக்கிறது. 7,136 ரூபாய் தவணையை இரண்டாண்டு ஒழுங்காகக் கட்டுகிறான். பாக்கி ஏறக்குறைய 4 லட்சத்து 70 ஆயிரம். அப்போது நிறுவனம் ஆட்குறைப்பு செய்கிறது. ஊருக்குத் திரும்பி வருகிறான். நாள் பார்த்தால் கார்த்திகை, உப்பளமும் மூடியிருக்கிறது. இனி அவன் எடுக்கக்கூடிய இரண்டு வழிகளும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமான இடம்.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது முதல் வழி. வங்கியிலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. கூச்சம்தான் காரணம்; ஏமாற்றும் எண்ணம் இல்லை. தவணை தவறி 90 நாள் தாண்டியதும் கணக்கு வாராக் கடன் ஆகிறது. அபராதக் கட்டணம் ஏறுகிறது. கணக்கு ஒருமுறை அந்தப் பட்டியலுக்குப் போய்விட்டால், கிளை மேலாளர் நல்லவராக இருந்தாலும் அவர் கையில் செய்வதற்கு அதிகம் இருக்காது. கடனை வேறு நிறுவனத்துக்குக் கைமாற்றும் உரிமையும் ஒப்பந்தத்தில் உண்டு. 2016இல் தமிழ்நாட்டில் ஸ்டேட் பேங்க் தன் வாராக் கல்விக் கடன்களை ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு மாற்றியபோது, வங்கியை மட்டுமே அறிந்திருந்த குடும்பங்களின் வாசலில் வசூல் முகவர்கள் வந்து நின்றார்கள்.

இரண்டாவது வழி, வேலை போன மாதமே கிளைக்கு ஒரு கடிதம். மாதிரித் திட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு விதி இருக்கிறது: வேலையில்லாத காலத்தையும் குறைந்த சம்பளக் காலத்தையும் கணக்கில் எடுத்து, கடன் முடிவதற்குள் இரண்டு மூன்று முறை தவணை விலக்குத் தரலாம். ஒவ்வொரு முறையும் எத்தனை மாதம், என்ன சான்று என்பதை அந்தந்த வங்கி தன் கொள்கையில் வைத்திருக்கும். இது தானாகக் கிடைக்கும் உரிமை இல்லை. வங்கி தரலாம் என்பதுதான் சொல். அதனால்தான் கேட்கும் நேரமும் கேட்கும் விதமும் முக்கியமாகின்றன.

கடிதத்தில் வேலை போன தேதி, பணிநீக்கக் கடிதத்தின் நகல், கடைசிச் சம்பளச் சீட்டு, கேட்கும் மாதங்கள், இப்போதைக்குக் கட்டக்கூடிய சிறு தொகை எல்லாம் இருக்கட்டும். ‘கல்விக் கடன் திட்டத்தில் உள்ள வேலையின்மைக் கால விலக்கு’ என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அம்மாவும் கையெழுத்திட வேண்டும், அவரும் கடன்தாரர் என்பதால். நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்குங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். விலக்குத் தந்தால் அது கடன் வரலாற்று அறிக்கையில் எப்படிப் பதிவாகும் என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ஆறு மாத விலக்குக் கிடைத்தால் கணக்கு எப்படி மாறும்? மாதம் சுமார் 3,919 ரூபாய் வட்டி ஓடி, ஆறு மாதத்தில் 23,500 ரூபாய் பாக்கியோடு சேரும். மறுபடி வேலை கிடைத்து, பழைய தவணையையே கட்டினால், மிச்சமிருந்த 96 தவணை ஏறக்குறைய 104 ஆகும். தவணை எண்ணிக்கையை மாற்றாமல் வைத்தால் மாதத் தொகை 7,136இலிருந்து 7,493 ஆகும். வேலை போனதன் விலை, முதல் மாதமே கேட்டுப் பெற்றவனுக்கு இவ்வளவுதான். தவணைக் காலத்தைப் பதினைந்தாண்டுவரை நீட்டவும் திட்டத்தில் இடம் உண்டு. அது மாதச் சுமையைக் குறைக்கும், மொத்த வட்டியைக் கூட்டும். முதலில் சொன்ன 5 லட்சத்து 40 ஆயிரத்தைப் பத்தாண்டில் கட்டினால் மொத்தம் சுமார் 8 லட்சத்து 56 ஆயிரம். பதினைந்தாண்டில் கட்டினால் 10 லட்சத்து 44 ஆயிரம். கஷ்ட காலத்தில் நீட்டிவிட்டு, கை தேறியதும் கூடுதலாகக் கட்டிச் சுருக்கிக்கொள்வது நல்லது. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது.

அபராதத்திலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் பிறப்பித்து, 2024இல் நடைமுறைக்கு வந்த ஆணைப்படி, தவறிய தவணைக்கு அபராத வட்டி போடக் கூடாது. அபராதக் கட்டணம் மட்டும் வாங்கலாம், அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ போன் செய்யக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி.

மகனின் பாக்கி பழையதாகிவிட்டால், கிளையிலிருந்து வீட்டுக்கே வந்து அம்மாவிடம் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பது உண்டு. அது பெரும்பாலும் கடனை ஒப்புக்கொள்ளும் கடிதம். வழக்குப் போட வங்கிக்கு உள்ள மூன்றாண்டுக் காலக்கெடு, அந்தக் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து மறுபடி புதிதாகத் தொடங்கும். மக்கள் நீதிமன்றத்துக்கு அழைப்பு வந்தால் போகலாம். வட்டியில் நல்ல குறைப்புக் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகை தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கட்டமுடியாத தவணைக்குத் தலையாட்டிவிட்டு வரக்கூடாது. ஒரே முறையில் பேசி முடித்த கணக்கு, கடன் வரலாற்றில் ‘முழுமையாக அடைக்கப்பட்டது’ என்று வராது, ‘சமரசம்’ என்றே நிற்கும்.

கிளை பதில் சொல்லாவிட்டால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் மனு கொடுக்கலாம். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இந்த ஆண்டு கடனுக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 2024 அக்டோபர் முதல், ஒவ்வொரு தனிநபர் கடனுக்கும் வட்டி, கட்டணம், தவணை எல்லாம் அடங்கிய முக்கிய விவரத் தாளை வங்கி தர வேண்டும். அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், விளக்கியும் சொல்ல வேண்டும். அதைப் படித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. தமிழில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, மகனையோ மகளையோ சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள்.